கை வைக்காத பென்டிங்

வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு அமெரிக்காவின் இயற்கை எரிவாயு இருப்பு நிலவரம் வரும், சந்தையில் விலை தாறுமாறாக ஆடும் என்று சித்ராதேவிக்குத் தெரியும். தம்பி ராஜ்கமல் பகல் முழுக்க பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, துணி வெட்டுவதற்கான மார்க்கர் வரைபடம் போடுகிறவன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அடுத்த திரை, சரக்குச் சந்தை வர்த்தகம். இந்த வாரம் ஷிப்மென்ட் அவசரத்தில் மூன்று இரவு கம்பெனியிலேயே கிடந்திருந்தான்.

அவள் கணவர் அருள்செல்வனும் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டு இரவு விழித்து வர்த்தகம் செய்துவிட்டு விடியற்காலையில் வண்டி எடுத்தவர், அவிநாசி சாலையில் நின்றிருந்த லாரியின் பின்னால் போய் முட்டினார். பிரேக் பிடித்த தடமே இல்லை என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் அக்காளும் தம்பியும் உட்கார்ந்து விதி எழுதினார்கள். ஆறு மணி நேரம் தூங்காத நாளில் வர்த்தகம் கிடையாது. முடிக்கும்போது பொசிஷன், அதாவது கையிருப்பு, சைபர்; பென்டிங், அதாவது நிலுவை ஆர்டர், சைபர். இரண்டையும் இன்னொருவர் கண்ணால் பார்க்க வேண்டும். நட்டம் வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

"எத்தனை மணி நேரம்டா தூங்குன?"

"ஏழு. கம்பெனில பீஸ் மூட்டை மேல படுத்தா சொர்க்கம்க்கா. நீயும் வந்து படு."

பொய். கண் ரப்பை வீங்கியிருந்தது. ஆனாலும் விதியைச் சொல்லி அவனை எழுப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இருநூற்றைம்பது அலகு கொண்ட மினி எரிவாயு லாட் இரண்டை, அலகு இருநூற்றுத் தொண்ணூற்றாறு ரூபாய்க்கு வாங்கியிருந்தான். விலை இருநூற்றுத் தொண்ணூற்றொன்றுக்கு இறங்கினால் தானாக விற்றுவிடும்படி ஒரு ஸ்டாப்லாஸ் ஆர்டரும் போட்டிருந்தான். எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதில் கையாலேயே விற்று முடித்தான்.

"பொசிஷன்?"

"சைபர். பாரு."

பார்த்தாள். சைபர்தான்.

"பென்டிங்?"

"அதுவும் சைபர்தான்."

அந்தப் பக்கத்தை அவன் திறக்கவில்லை. திறக்கச் சொல்ல அவளுக்கும் தோன்றவில்லை. தலையாட்டிவிட்டுச் சோறு போடப் போனாள்.

அவன் தட்டில் கை வைத்தபடியே கண்ணயர்ந்தான். எட்டு மணிக்கு நிலவரம் வந்து விலை சரிந்தது. கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. அவள் எடுத்துப் பார்த்தாள்: இரண்டு லாட் விற்றாயிற்று, இருநூற்றுத் தொண்ணூற்றொன்று.

"தம்பி, எந்திரி. மறுபடி வித்திருக்குடா."

"அது முன்னாடி வித்ததுக்கா."

"விலை வேறடா."

எழுந்து பார்த்தவன் முகம் வெளுத்தது. ரத்து செய்ய மறந்த ஸ்டாப்லாஸ், கையில் இல்லாத சரக்கை விற்றுவிட்டிருந்தது. கணக்கில் மைனஸ் இரண்டு லாட். அதற்குள் விலை திரும்பி ஏற ஆரம்பித்திருந்தது. விற்றதை முடிக்க வாங்க வேண்டும். விற்று முடித்தே பழகிய கை, விற்கும் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. இருநூற்றுத் தொண்ணூற்றைந்தில் இன்னும் இரண்டு லாட் விற்று, மைனஸ் நான்கு ஆனது.

"என்னடா பண்ணுன?"

அவன் திரையையே பார்த்தான். எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது என்றான். எவ்வளவு போகும் என்பதல்ல அவள் பயம். போனதைப் பிடிக்க இவன் விடிய விடிய உட்காருவான். விடிந்ததும் வண்டி எடுப்பான்.

மவுஸை அவன் கையிலிருந்து பிடுங்கிவிட்டு, புரோக்கர் அலுவலகத்தில் இரவு டீலராக இருக்கும் நஞ்சப்பனுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தாள். கணக்குக்காரன்தான் பேச வேண்டும் என்றார் அவர். ராஜ்கமல் கிளையன்ட் எண்ணைச் சொன்னான். நஞ்சப்பன் கணக்கைத் திறந்து பார்த்தார்.

"நாலு லாட் வித்த கணக்குல நிக்குதுங்க. என்ன பண்ணோணுமுங்க?"

"குளோஸ் பண்ணணும். நாலையும் வித்துருங்க."

நஞ்சப்பன் ஆர்டர் போடவில்லை.

"வித்தா எட்டாயிருமுங்க. நல்லா யோசிச்சு ஒருக்கா சொல்லுங்க கண்ணு. வாங்கறதுங்களா, விக்கறதுங்களா?"

அவன் அக்காளைப் பார்த்தான். சித்ராதேவி அவன் தோளை அழுத்தி மெதுவாகச் சொன்னாள்: "வாங்கணும்டா."

"வாங்கணுங்க. நாலு லாட்."

முந்நூறில் வாங்கி முடிந்தது. ஏழாயிரம் ரூபாய் நட்டம். நிலுவையில் ஏதும் உண்டா என்று அவளே கேட்டாள். "ஒண்ணுமில்லீங்க. போயித் தூங்கச் சொல்லுங்க," என்றார் நஞ்சப்பன்.

"பதினொண்ணரை வரைக்கும் சந்தை இருக்குக்கா. பாதியாவது எடுத்துருவேன்."

"இந்தா, நிறுத்துற பொத்தான். நீயே அமுக்கு."

பன்னிரண்டு மணி நேரத்துக்கு வர்த்தகத்தைப் பூட்டிவிடும் பொத்தான் அது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், அமுக்கினான். பாயில் விழுந்தவன் சட்டென்று தலையைத் தூக்கினான்.

"அக்கா, நீ எத்தனை மணி நேரம் தூங்குன?"

இதுவரை அவளை யாரும் கேட்காத கேள்வி. இந்த மூன்று இரவும் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று வாசல் பக்கம் காதை வைத்தே படுத்திருந்தாள். பென்டிங் பக்கத்தைத் திறக்கச் சொல்லாமல் ஆடியதும் தூங்காத இந்தத் தலைதான்.

"மூணு நாளும் சேத்து அஞ்சு இருக்கும்."

"எனக்கு ஏழு இல்ல. ரெண்டுதான்."

"தெரியும்."

அவன் கைப்பேசியை எடுத்து, நாளைக்குக் காலையில் வர முடியாது, மதியம் பஸ்ஸில் வருகிறேன் என்று சூப்பர்வைசருக்குக் குரல் செய்தி போட்டான். பிறகு கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சு சீரானது. அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். தூக்கம் வருமா என்று பயமாக இருந்தது.