உப்பு விழுந்த வீடு

1946 ஐப்பசியில், தங்கபுஷ்பத்துக்குக் கல்யாணமாகி ஏழாவது வருஷம், ராயபுரத்தில் அவள் வீட்டுக்குள் மட்டும் உப்பு பெய்யத் தொடங்கியது. எண்ணூர் உப்பளத்திலிருந்து காற்று அடித்து வருகிறது என்று முதலில் சொன்னார்கள். காற்றே இல்லாத நாளிலும், ஓடு போட்ட அறைக்குள்ளும் விழுந்தது. அவளுக்குப் பிள்ளையில்லாததை யாராவது, எங்காவது பேசினால் விழுகிறது என்பது ஆறு மாதத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்தும் பேச்சு குறையவில்லை. ஊர் தூங்கிய பிறகும் விழுவதற்குத்தான் யாரிடமும் காரணம் இல்லை. தங்கபுஷ்பம் காலையில் வாசல் பெருக்குவதோடு கூடத்தையும் ஒரு தரம் பெருக்கிக்கொண்டாள்.

உப்பிலும் ரகம் உண்டு. காசிமேட்டிலிருந்து கூடையோடு வரும் கோவிந்தம்மா பேரம் முற்றினால் தெருவே கேட்கக் கத்துவாள்: "மலட்டு முண்ட, ரெண்டணாவுக்கு வஞ்சிரம் கேக்கறா பாரு!" உடனே புளியங்கொட்டை பருமனில் ஒரு கட்டி தங்கபுஷ்பத்தின் தலையில் டொக்கென்று விழும். வலிக்கும், மத்தியானத்துக்குள் கரைந்துவிடும். மறுநாள் அதே கோவிந்தம்மா, "இன்னா தாயி, மூஞ்சி வாடிக்கீது? கஞ்சி குட்ச்சியா?" என்று கூடையை இறக்குவாள். வளையல்காரி காத்தூன் பீவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொல்வாள்: "எங்க வூட்டுல புள்ள இல்லாதவ மடியில தம்பி புள்ளய போட்டுட்டு வாய மூடிக்குவாங்கம்மா. ஆனா எங்க அக்கா கல்யாணம் ஆவாம கீதே, அத்த வுட மாட்டாங்க. வர்றவங்கல்லாம் 'நசீபு இன்னும் தொறக்கலியா, மாப்ள வரலியா'ன்னு கேட்டுக் கேட்டு அது வெளியவே வர்றதில்ல."

ஆனால் தெற்கேயிருந்து வந்த சொந்தக்காரர்கள் மலடி என்ற வார்த்தையை வாயால் சொன்னதேயில்லை. நாத்தனார் பிரம்மசக்தி தண்டையார்பேட்டையிலிருந்து வந்து உட்கார்ந்து, காப்பியை ஆற்றிக்கொண்டே, "ஏதும் விசேசம் உண்டா மைனி?" என்பாள். இல்லை என்றால், "ச்சு, பாவம் எங்க அண்ணன்" என்பாள். அவ்வளவுதான். அப்போது விழுவது மாவு போன்ற பொடி உப்பு. சத்தமே வராது. கண்ணுக்குள் போகும், சோற்றில் கலக்கும், மடித்து வைத்த புடவைக்குள் இறங்கும். பெருக்கினாலும் வாரம் முழுக்கக் கிடக்கும். அந்த அண்ணன் ராமசுப்பு, கருப்பட்டி மண்டிக்காரர், அதே வீட்டில் அதே கட்டிலில் தூங்கி எழுந்தும் அவர் சட்டையில் ஒரு கல் உப்பு விழுந்ததில்லை. நாற்பது வயதுவரை கல்யாணம் செய்யாத கொழுந்தன் சுயம்புவை, "ஒத்தக்கட்டை, கொடுத்து வச்சவன்" என்று மண்டியில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு, அவன் அண்ணன் வீட்டில் சாப்பிடும்போது இலையோரம் இரண்டு கல் விழும். ஊதிவிட்டுச் சாப்பிடுவான்.

பிரம்மசக்திக்கு ஆறு பிள்ளைகள். மூன்றாவது பெண் இசக்கியம்மாளை, தங்கபுஷ்பம் கல்யாணமாகி வந்த வருஷமே, நாலு வயதில் அண்ணன் வீட்டில் விட்டிருந்தாள். பேன் பார்த்ததும் அம்மை கண்டபோது வேப்பிலையால் தடவிக் கொடுத்ததும் தங்கபுஷ்பம்தான். 1952இல், டிராம் ஓடிய கடைசி காலத்தில், இசக்கிக்கு ஏழாம் மாதம். கூடம் பெரிதென்று வளைகாப்பை அந்த வீட்டிலேயே வைத்தார்கள். இசக்கியின் கையில் ஒரே ஒரு ஜோடி வளையல் போட வேண்டும். தங்கபுஷ்பத்துக்கு அதற்கு மேல் ஆசை இல்லை. காத்தூன் பீவியிடம் பச்சையும் சிவப்புமாக அவளே பொறுக்கி எடுத்திருந்தாள்.

முதலில் வேப்பங்குச்சிக் காப்பு, பிறகு கண்ணாடி வளையல். பிள்ளை பெற்றவர்கள்தான் போடுவது. பெண்கள் கூடியதும் பிரம்மசக்தி வெகு பிரியமாக, "மைனி, பந்திக்கு ஆளில்ல. நீங்க அடுப்படியைப் பாத்துக்கிடுங்க" என்றாள். கூடம் முழுக்கப் பொடி உப்பு இறங்கியது. பட்டுப் புடவைகள் வெளுத்தன. ஒருத்தரும் தலை நிமிரவில்லை.

இசக்கி இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "அத்தை போடட்டும். பெறகு மத்தவங்க."

அடுப்படியிலிருந்து தங்கபுஷ்பம் குரல் கொடுத்தாள்: "வேண்டாம்ட்டி. என் கை வெளங்காத கை. புள்ளைக்கு ஆகாது."

அதுவரை ஆறு வருஷத்தில் விழாத அளவு அப்போது விழுந்தது. அடுப்பு அவிந்தது. எலுமிச்சம் சோற்றுத் தவலை மூழ்கியது. இடுப்பளவு உப்பில் நின்ற தங்கபுஷ்பம் கூடத்தை எட்டிப் பார்த்தாள். அவள் பேசிய பிறகு அங்கே யாரும் வாயே திறந்திருக்கவில்லை. இத்தனை காலம் ஊர் தூங்கிய பிறகும் விழுந்துகொண்டிருந்தது யார் சொன்னதால் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மீன் கூடையோடு வாசலில் நின்ற கோவிந்தம்மா கத்தினாள்: "இன்னாமே, வாயால இந்தப் பேச்சு பேசிக்கினு நிக்கிற? அம்ம போட்டப்போ அந்தப் பொண்ணத் தொட்டது எந்தக் கை?"

தங்கபுஷ்பம் உப்பைக் காலால் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கையைத் துடைக்கவில்லை. பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று, உடையாமல் ஏறின. அவள் போடப் போட உப்பு விழுந்தபடிதான் இருந்தது. பிரம்மசக்தி எழுந்து, அண்ணன் பெண்சாதியின் தலையில் படிந்ததை முந்தானையால் தட்டிவிட்டு, தன் பங்கு வளையலோடு அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றாள்.

சோறு புதிதாக வடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பெண்கள் இலையில் விழுந்த உப்பைத் தட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.