சுருக்கத்தில் வராத பேச்சு

சின்ன மாமனார் மூன்றாவது முறையாகக் கதவைத் தட்டினார். நான் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றவில்லை. பதிவின் ஒரு மணி பதினான்காவது நிமிடத்தில், மின்விசிறி இரைச்சலுக்கு நடுவே, மாமனாரோடு வேலை பார்த்த லிஃப்ட்காரரின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். பத்து விநாடி பின்னால் தள்ளினேன். மறுபடி கேட்டு, கீபோர்டில் விரல்களை ஓட்டினேன்.

மணி மூன்று பத்து. நான்கு மணிக்குள் சுருக்கம் போயாக வேண்டும்.

மாமனார் இறந்து இரண்டு வாரம் ஆகிறது. லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தைந்து வருடம் உழைத்தவர். நேற்று வாடகை ஹாலில் அவருக்கு நினைவுக் கூட்டம் நடந்தது. எட்டுப் பேர் பேசினார்கள். மைக் மேஜையில் ஒரு போன், முதல் வரிசை நாற்காலிக்கு அடியில் இன்னொரு போன் என்று இரண்டிலும் பதிவு செய்தோம். மொத்தம் ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். வெளிநாடுகளில் இருக்கும் பதினான்கு சொந்தக்காரர்களில் ஒருவர்கூட அதை முழுதாகக் கேட்கப் போவதில்லை. அதனால்தான் எங்கள் குடும்பத்தில் இந்த ஏற்பாடு. கல்யாணமோ சாவோ, மைக்கில் பேசியதை ஒருவர் கேட்டு, சுருக்கி எழுதி அனுப்பிவிடுவார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அந்தச் சுருக்கம்தான் கூட்டம். அதில் வந்தது நடந்தது. வராதது நடக்கவே இல்லை.

இந்த முறை ஒரு தலை போகிற அவசரம். காலையில் குடும்ப குரூப்பில் என் நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா, எழுதியிருந்தார். "நாலு மணி வரைக்கும் இருப்பேன். அப்பாவைப் பத்தி என்ன பேசினாங்கன்னு படிச்சுட்டு இந்த குரூப்லேர்ந்து வெளிய போயிடறேன். இனிமே எனக்கு அங்க யாரும் இல்ல."

வேறு சமூகத்தில் கல்யாணம் செய்துகொண்டு வெளிநாடு போனவர். பதினைந்து வருடமாக இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அப்பாவின் சாவுக்கும் வரவில்லை. நான் அவரை நேரில் பார்த்ததே கிடையாது.

கதவைத் திறந்தேன். சின்ன மாமனார் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து, என் திரையை எட்டிப் பார்த்தார். மாமனாரின் தம்பி. எங்கள் வீட்டில் நாலு பேர் கூடினால் ஐந்தாவதாக ஒரு தலைவர் நாற்காலி போட்டு அதில் இவர் உட்கார்ந்துவிடுவார். சொந்தத்தில் இவருக்குப் பட்டப்பெயரே 'தலைவர்'.

"முப்பத்தொரு நிமிஷம் பேசினேன். எனக்கு ரெண்டே வரியா?"

"ரெண்டு வரிக்குத்தான் மாமா விஷயம் இருந்துச்சு."

நான் கோர்ட்டில் சாட்சிகளின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்கிறவள். சாட்சி என்ன சொன்னாரோ அதுதான் தாளில் ஏற வேண்டும். சுருக்கத்துக்கும் நான் வைத்திருக்கும் சட்டம் ஏறக்குறைய அதுவே. முதல் தடவை எழுதாமல் கேட்பேன். இரண்டாவது தடவை, யார், என்ன உறவு, எத்தனையாவது நிமிடம் என்று குறித்துக்கொண்டு எழுதுவேன். பேசிய வரிசை மாறாது. வயதுக்கும் மரியாதைக்கும் ஏற்றபடி வரிகள் கூடாது. ஒவ்வொருவர் பேச்சிலும் ஒரு வாக்கியமாவது அவர் வாயில் வந்தபடியே மேற்கோளில் இருக்கும். காதில் விழாத இடத்தில் 'கேட்கவில்லை' என்று போடுவேனே தவிர, நானாக எதையும் நிரப்ப மாட்டேன். ஒரு போனில் மைக் கூவிய இடத்தை இன்னொரு போனில் கேட்டுச் சரிபார்ப்பேன். ஒருவர் பேச்சால் இன்னொருவர் மனம் புண்படும் என்று தோன்றினால், எழுதியதைப் பேசியவருக்கே போனில் படித்துக் காட்டுவேன்.

சின்ன மாமனார் இரண்டு வரி விஷயத்தை அதற்குமேல் வளர்க்கவில்லை. வந்த வேலை வேறு.

"அந்த ஆறாவது ஆளை எடுத்துடு."

ஆறாவது ஆள் லிஃப்ட்காரர். மாமனாருடன் இருபத்தெட்டு வருடம் ஜோடியாக வேலை பார்த்தவர். நேற்று அவர் பேசியது நான்கே நிமிடம். அதில் பாதியை நான் அப்படியே மேற்கோளாக எடுத்திருந்தேன்:

"நான் கீழ லிஃப்ட் குழிக்குள்ள நிப்பேன். அவர் மேல மெஷின் ரூம்ல இருப்பார். 'இறக்கறேன்'னு மேலேர்ந்து குரல் வரும். நான் 'இறக்குங்க'ன்னு திருப்பிக் குரல் குடுக்கணும். குடுக்கலைன்னா அவர் சுவிட்சைத் தொட மாட்டார். பையன் கல்யாணத்துல மைக்கைப் பிடிச்சுப் பொண்ணைக் கூப்பிட்டார். பதினோரு வருஷமா திருப்பி ஒரு குரல் வரும்னு நின்னுக்கிட்டே இருந்தார். வரலை. அவரும் சுவிட்சைத் தொடலை."

பையன் கல்யாணம் என்றால் என் கல்யாணம். மணமேடையில் நான் உட்கார்ந்திருக்க, மாமனார் மைக்கை வாங்கி மூத்த மகளை எல்லார் முன்னிலையிலும் கூப்பிட்டார். அந்தக் கல்யாணத்தின் சுருக்கம் ஈமெயிலில் வெளிநாடு போனது. அடியில் சின்ன மாமனாரின் பெயர். மாமனார் பேசினார் என்று அதில் ஒரு வரி இருந்தது: வந்தவர்களுக்கு நன்றி சொன்னார்.

ஏன் என்பதும் எனக்குத் தெரியும். அந்த மாதம்தான் சின்ன மாமனார் தன் மகளுக்கு ஒரு பெரிய இடத்தைப் பேசிக்கொண்டிருந்தார். ஓடிப்போன பெண் புருஷனோடு திரும்பி வந்து முன் வரிசையில் உட்கார்ந்தால் அந்த இடம் கைநழுவிவிடும் என்று பயந்தார். மண்டபத்தில் நானூறு பேர் அந்தப் பேச்சைக் கேட்டார்கள். ஒருவர்கூட நாத்தனாருக்குத் தனியாகச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கத்தில் போயிருக்குமே என்று நானூறு பேரும் நினைத்தார்கள். மாமனாரும் அப்படியே நினைத்தார். மைக்கில் கூப்பிட்டாயிற்று, இதற்குமேல் தனியாக வேறு கெஞ்ச வேண்டுமா என்று இருந்துவிட்டார்.

"அவருக்கு வயசாச்சு," என்றார் சின்ன மாமனார். "ஏதோ பழைய ஞாபகத்துல உளறிட்டார். அண்ணன் அப்படிப் பேசினதுக்கு என்ன ஆதாரம் இருக்கு? வீடியோல நான் அப்பவே வெட்டச் சொல்லிட்டேன்."

"வெட்டச் சொன்னீங்கன்னா, பேசினது நிஜம்னு ஆயிடுது இல்ல மாமா?"

அவர் முகம் சுண்டியது. எழுந்து கதவுப் பக்கம் போனவர், குரலைத் தாழ்த்தித் திரும்பினார்.

"அனுப்பினா கெட்ட பேரு எனக்கு மட்டும்னு நினைச்சுக்காதே. நல்லா யோசிச்சுக்கோ."

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

மூன்று இருபத்தைந்து. லிஃப்ட்காரருக்குப் போன் போட்டு, அவருடைய பத்தியைப் படித்துக் காட்டினேன். இதைப் போட்டால் உங்கள் மேல் சிலருக்குக் கோபம் வரும், சம்மதமா என்று கேட்டேன். அவர் ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார். இருபத்தெட்டு வருடமில்லை, இருபத்தொன்பது. கோபப்படுகிறவர்கள் இனிமேல் படிக்கட்டில் ஏறிக்கொள்ளட்டும் என்று சொல்லிச் சிரித்தார்.

மூன்று முப்பத்தெட்டு. எட்டுப் பேச்சும் முடிந்தன. குரூப்பைத் திறந்தேன். எழுதும் இடத்தில் பெட்டியைக் காணோம். அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று ஒரு சாம்பல் நிற வரி. தலைவர் கூடத்தில் உட்கார்ந்தபடியே வேலையைக் காட்டிவிட்டார்.

நாத்தனாருக்கு மட்டும் தனியாக அனுப்பலாம். ஆனால் அது ஒரு மருமகளின் புலம்பலாகத்தான் போய்ச் சேரும். நாளைக்கே யாரோ கிளப்பிவிட்ட கதை என்று ஆக்கிவிடுவார்கள். மாமனார் எல்லார் எதிரிலும் சொன்னது எல்லார் எதிரிலும்தான் போக வேண்டும். பதினான்கு பேரும் படிக்க வேண்டும், சின்ன மாமனாரும் படிக்க வேண்டும்.

குரூப்புக்கு அவரைத் தவிர இன்னொரு அட்மின் உண்டு. பிறந்தநாள் வாழ்த்து போடுவதற்காக என் கணவரையும் அட்மின் ஆக்கியிருந்தார்கள். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, பின்கட்டில் அப்பாவின் ஸ்பேனர்களைத் துடைத்துக் கொண்டிருந்தார். போய் ஆறாவது பத்தியைக் காட்டி, கல்யாணச் சுருக்கத்தில் அப்பாவின் அந்தப் பேச்சு போகவே இல்லை என்றேன்.

படித்தார். துணியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

"அக்காவுக்கு இது தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

"கூப்பிட்டும் வரலைன்னுதான நான் இத்தனை வருஷமா அவகிட்ட பேசல." கையிலிருந்த ஸ்பேனரையே பார்த்தார். "அப்பாவும் அப்படி நினைச்சுக்கிட்டேதான போனார்."

கூடத்திலிருந்து சின்ன மாமனாரின் குரல் வந்தது. குடும்ப விஷயத்தைச் சந்தி சிரிக்க வைக்காதே, உன் பெண்டாட்டியை அடக்கி வை என்றார்.

"சித்தப்பா, கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் என் கணவர். சின்ன மாமனாரிடம் அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. போனை எடுத்தார். நான்கு முறை தட்டினார். என் திரையில் ஒரு வரி வந்தது: நீங்கள் இப்போது அட்மின்.

மூன்று நாற்பத்தெட்டு.

"இன்னும் ஒரு பத்தி இருக்கு," என்றேன். "ஒன்பதாவது. அதை நான் இனிமேதான் எழுதணும்."

"எழுதினதும் காட்டு."

"இல்லைங்க. அக்கா படிக்கிற அதே நேரத்துல நீங்களும் குரூப்லயே படிங்க. முன்னாடியே படிச்சா வேண்டாம்னு சொல்லுவீங்க. நானும் சரின்னுடுவேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டினார்.

அறைக்குத் திரும்பி பீரோவைத் திறந்தேன். கல்யாணப் புடவையின் மடிப்புக்குள் ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டிக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் விரல்நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு. அதைக் கம்ப்யூட்டரில் சொருகி, ஹெட்போனில் ஒருமுறை மாமனாரின் குரலைக் கேட்டேன். தெளிவாகவே இருந்தது. 'கேட்கவில்லை' என்று போட ஒரு இடம்கூட இல்லை.

மூன்று ஐம்பத்தேழுக்கு அனுப்பினேன். எட்டுப் பேச்சுக்கும் கீழே, ஒலிப்பதிவையும் சேர்த்து, கடைசிப் பத்தி இப்படிப் போனது:

"ஒன்பதாவது பேச்சு. இது நேற்று பேசியதல்ல. பதினோரு வருடத்துக்கு முன், என் கல்யாணத்தில் மாமனார் பேசியது. ஒரு நிமிடம் நாற்பது விநாடி. சுருக்கவில்லை. 'என் மூத்த பொண்ணு இங்க இல்ல. அவ கட்டிக்கிட்டவரை நான் ஏத்துக்கலை. தப்பு என்மேலதான். முதல் வரிசையில ரெண்டு நாற்காலி காலியாப் போட்டிருக்கேன். யாரும் உக்காராதீங்க. அது அவளுக்கும் மாப்பிள்ளைக்கும். இன்னைக்கு இல்லைன்னாலும், என்னைக்கு வந்தாலும் அது அவங்க எடம். இதை எழுதி அனுப்புறவங்க இதை மட்டும் விட்டுடாதீங்க.'

அக்கா, இது உங்களுக்கு வரவில்லை. விடச் சொன்னது சின்ன மாமனார். சுருக்கத்தின் அடியில் இருந்ததும் அவர் பெயர்தான். ஆனால் அவருக்குத் தட்டச்சு தெரியாது. கல்யாணமாகி நான்காம் நாள், புது மருமகள் கோர்ட்டில் டைப் அடிப்பவளாயிற்றே என்று பதிவு இருந்த கார்டை ஒருத்தி கையில் கொடுத்தார். அவள் இதை முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, 'வந்தவர்களுக்கு நன்றி சொன்னார்' என்று அடித்தாள். அதற்குப் பிறகு பதினோரு வருடம் உங்கள் அப்பாவுக்குச் சோறு போட்டாள். வாயைத் திறக்கவில்லை.

அது நான்தான்."