நேரில் வர இயலாததற்கான காரணம்

இசைவாணிக்கு அந்த மெயில் வியாழக்கிழமை வந்தது. ஆன்லைன் தேர்வில் தேறிவிட்டாளாம். அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கோயம்புத்தூர் அலுவலகத்தில் நேர்முகத் தேர்வாம். வருவதை உறுதிப்படுத்தி பதில் அனுப்ப வேண்டுமாம். மருத்துவர்கள் எழுதுகிற நோய்க்குறிப்புகளைப் படித்து, இன்சூரன்ஸ்காரர்களுக்குப் புரிகிற குறியீட்டு எண்களாக மாற்றித் தருகிற வேலை அது. விலங்கியல் படித்தவர்களை எடுப்பார்கள். மணலூர்பேட்டைப் பக்கம் விலங்கியல் படித்துவிட்டு இரண்டு வருடமாகத் துணிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கோயம்புத்தூர்தான் இடித்தது. ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதெல்லாம் பக்கத்து ஊர் வரைக்கும்தான். அதைத் தாண்டி கள்ளக்குறிச்சி, சேலம், கோயம்புத்தூர் என்று மாறி மாறி ஏறினால் காசு. தனியாக அனுப்ப அம்மா சின்னப்பொண்ணு சம்மதிக்க மாட்டாள். அம்மாவும் வந்தால் டிக்கெட் இரண்டாகும். பத்து மணிக்கு அங்கே நிற்க வேண்டுமானால் முதல் நாளே போய் எங்காவது தங்க வேண்டும். கரும்பு வெட்டு நேரத்தில் அம்மாவுக்கு இரண்டு நாள் கூலியும் போகும். அப்பா வீரமுத்து பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். போன மாதம்தான் அவர் அனுப்பியதை வைத்துக் கூரைக்குத் தகடு போட்டார்கள். இனி அவரிடம் கேட்க வாய் வராது.

அதனால் கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். முதல் சுற்றை வீடியோ காலில் வைத்துக்கொள்ள முடியுமா என்று. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ, வேலை மேல் ஆசையில்லாதவள் என்று நினைப்பார்களோ என்று ஒரு நாள் முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுபஸ்ரீ வீட்டுக்குப் போனாள். சுபஸ்ரீ கல்லூரியில் மூன்று வருடமும் பக்கத்து இருக்கை. அப்பா சுப்புராயனுக்கு ஆற்றோரம் பதினோரு ஏக்கர் கரும்பு. அதில் வெட்டுகிற பெண்களில் ஒருத்திதான் சின்னப்பொண்ணு. இருந்தாலும் இரண்டு பெண்களுக்கும் நடுவில் அதெல்லாம் வந்ததில்லை என்றுதான் இசைவாணி நம்பிக்கொண்டிருந்தாள். கல்லூரி நாளிலிருந்தே இவளுடைய அசைன்மென்ட், பிராஜெக்ட் எல்லாம் சுபஸ்ரீயின் மடிக்கணினியில்தான் அடிக்கப்படும். இவள் அடிப்பாள், அவள் படுத்துக்கொண்டு போன் பார்ப்பாள், கடைசியில் இரண்டு பிரதி எடுக்கப்படும். அது அவர்களுக்குள் ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. சுபஸ்ரீக்கும் அதே மெயில் வந்திருந்தது.

இசைவாணி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை அடித்தாள். தேர்ந்தெடுத்ததற்கு முதலில் நன்றி. இந்த வேலையில் தனக்கு எவ்வளவு விருப்பம் என்று ஒரு வரி. பிறகு தூரம், மாற வேண்டிய பஸ்கள், செலவு. ‘என் அம்மா கரும்பு வெட்டும் தினக்கூலித் தொழிலாளி. இந்தப் பயணம் அவருடைய ஒரு வாரக் கூலி’ என்று எழுதும்போது விரல் கொஞ்சம் நின்றது. உண்மைதானே, எதற்குக் கூச்சம் என்று அடித்து முடித்தாள். எந்த நாள், எந்த நேரம் கொடுத்தாலும் வீடியோவில் தயாராக இருப்பேன். தேர்வானால் அசல் சான்றிதழ்களோடு நேரில் வருவேன். அவ்வளவுதான்.

சுபஸ்ரீ எட்டிப் படித்தாள்.

“சூப்பரா கீதுடி. ஆனா இப்ப அனுப்பாத. வெள்ளிக்கெழம சாயங்காலம் எச்.ஆருங்க மெயிலே பாக்க மாட்டாங்களாம். சனி, ஞாயிறு லீவு. அடியில போயி மாட்டிக்கும். திங்கக்கெழம காலையில அனுப்பு, மொத ஆளா பாப்பாங்க.”

“நீ இன்னா பண்ணப்போற?”

“எங்கப்பா கார்ல இட்டுக்கினு போவாரு. எனக்கென்ன.”

கடிதம் சுபஸ்ரீயின் கணினியிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவள்தான் அதை வாட்ஸப்பில் அனுப்பிவைத்தாள், கூடவே ஒரு கும்பிடு படமும்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு இசைவாணி மெயிலை அனுப்பினாள். பதினொன்றுக்கெல்லாம் போன் அடித்தது. எச்.ஆர். செந்தமிழ்ச்செல்வி. மெயிலில் பார்த்த பெயர்தான். துணிக்கடையின் பின்பக்கம் ஓடிப்போய் எடுத்தாள்.

“இசைவாணிங்களா? உங்க மெயில் பாத்தேனுங்க. நீங்க கேக்கறதுல தப்பே இல்லீங்க. தூரத்துல இருக்கறவங்க கேட்டா டீம் லீடுகிட்டப் பேசி முதல் சுற்றை வீடியோவுல வெப்போம். ஆனா இதே லெட்டர் வெள்ளிக்கிழமை ராத்திரியே இன்னொரு கேண்டிடேட்கிட்ட இருந்து வந்திருச்சுங்க. வார்த்தைக்கு வார்த்தை. பேர் மட்டும்தான் வேற.”

“மேடம்?”

“அவங்களுக்கு ஓகே ஆயி, இன்னைக்கு நாலு மணிக்கு வீடியோ. உங்களுது ரெண்டாவதா வந்திருக்கு. காப்பி பண்ணீங்களாங்க?”

“அது நான் எழுதுனது மேடம். என்னோட லெட்டர் அது.”

“அம்மா கரும்பு வெட்டறாங்கன்னுகூட ரெண்டுலயும் இருக்குங்க.”

அதையுமா! அந்த வரியையுமா எடுத்துக்கொண்டாள்!

“எங்கம்மாதான் மேடம் கரும்பு வெட்டறாங்க. வேற யாரும் இல்ல.”

“சரிங்க. நாலு மணிக்கு அவங்ககிட்டயே கேக்கறேன். விசாரிச்சுட்டு சாயங்காலத்துக்குள்ள உங்களுக்குச் சொல்றேன். உங்க பக்கம் உண்மை இருந்தா உங்களுக்கும் வீடியோ உண்டுங்க.” நியாயமான குரல்தான். அதைக் குறை சொல்ல முடியாது.

முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு இசைவாணி நேரே சுபஸ்ரீ வீட்டுக்குப் போனாள். மாடி அறையில் சுபஸ்ரீ தலைக்குக் குளித்து, முடியை விரித்துப் போட்டு, மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. அந்த முகமே போதுமாயிருந்தது.

“ஏன்டி இப்படிப் பண்ண?”

“கோவப்படாத இசை. கார்ல அவ்ளோ தூரம் போனா எனக்கு வாந்தி வருமில்ல? எங்கப்பாவும் கரும்பு வெட்டு முடியிற வரைக்கும் எங்கியும் வரமாட்டேன்னுட்டாரு. நான் இன்னா காரணம் எழுதறது சொல்லு. எங்கப்பாவுக்குக் கார் கீதுன்னா? அப்படி எழுதினா எவன் குடுப்பான்?”

“அதுக்காக எங்கம்மாவ உங்கம்மான்னு எழுதுவியா?”

“ரெக்கார்டு நோட்டுல இருந்து நாம எல்லாம் மாத்திக்கினுதான இருந்தோம்? நீ திங்கக்கெழம அனுப்பினாலும் உனக்கும் குடுத்துடுவாங்கன்னு நெனச்சேன்டி. ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பாப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! இசைவாணிக்கு அவள் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போலிருந்தது. ஆனால் கீழே ஆற்றோரக் கரும்புக் கொல்லையில் அம்மா குனிந்து வெட்டிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் ஒரு சத்தம் எழுந்தால் நாளைக்கு அம்மாவைக் கூப்பிட மாட்டார்கள். கை அதனாலேயே மடியில் கிடந்தது.

“நாலு மணிக்கு மேடம் கேப்பாங்க. உண்மைய சொல்லு. லெட்டர் இசைவாணி எழுதினதுன்னு ஒரு வார்த்த. வேற ஒண்ணும் வேணாம். உனக்கு வேல கெடச்சாலும் எனக்கு வருத்தம் இல்ல.”

சுபஸ்ரீ அழுதாள். நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்தது. இவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “சத்தியமா சொல்லிடறேன். உன்ன வுட்டுடுவேனாடி?” என்றாள்.

மூன்று வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவள். இசைவாணி நம்பினாள். நம்பாமல் வேறென்ன செய்வாள்? வீட்டுக்கு வந்து, சான்றிதழ்களையெல்லாம் ஒரு தடவை எடுத்து அடுக்கினாள். வீடியோவில் பின்னால் தெரிகிற சுவருக்கு ஒரு வெள்ளைப் புடவையைக் கட்டிப் பார்த்தாள். போன் எங்கே வைத்தால் சிக்னல் நிற்கிறது என்று மூலைக்கு மூலை நடந்தாள். நாலு மணி ஆனது. நாலரை ஆனது.

ஐந்து இருபதுக்கு மெயில் வந்தது.

‘இன்றைய வீடியோ நேர்காணலில் உங்கள் கூற்றை விசாரித்தோம். அந்த விண்ணப்பதாரரின் தாயார் கரும்பு வெட்டிய கோலத்திலேயே அழைப்பில் வந்து, அவர் தன் மகள்தான் என்று எங்களிடம் நேரடியாகப் பேசினார். எனவே உங்கள் விண்ணப்பத்தை முடித்துக்கொள்கிறோம். ஒருவருடைய கஷ்டத்தைத் தன்னுடையதாகக் காட்டுவது நேர்மையல்ல என்பதை அன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’

மூன்று தடவை படித்தாள். தாயார் என்று யாரைச் சொல்கிறார்கள்? சுபஸ்ரீயின் அம்மா பட்டுப்புடவையில்லாமல் வாசலுக்குக்கூட வராதவள், அவளா கரும்பு வெட்டிய கோலத்தில் வந்தாள்? சுபஸ்ரீயின் எண்ணுக்கு அடித்தாள். அணைத்து வைத்திருந்தாள். இசைவாணிக்கு எதுவும் பிடிபடவில்லை.

ஆறு மணிக்குச் சின்னப்பொண்ணு வந்தாள். முழுக்கைச் சட்டையில் கரும்புச் சுணை ஒட்டியிருந்தது. தலைத்துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. கையில் ஒரு பொட்டலம். முகமெல்லாம் சிரிப்பு.

“இன்னாடி, சீக்கிரமே வூட்டுக்கு வந்துட்ட? இந்தா, அதிரசம். சுபா பாப்பா குடுத்துச்சி. நான் உனக்கு ஒரு வேல பண்ணிட்டு வந்துகீறேன், தெரியுமா?”

“இன்னாம்மா?”

“நாலு மணி இருக்கும். பாப்பாவே கொல்லைக்கு ஓடியாந்து கூப்பிட்டுச்சி. கத்தியக் கீழ போட்டுட்டு அப்படியே வான்னுச்சி. மூஞ்சி கழுவிக்கினு வரேன்னேன். வேணாம், இப்படியே வான்னு மாடிக்கே இட்டுக்கினு போச்சி. இத்தினி வருசத்துல நான் அந்த மாடி ஏறுனதே இல்ல. டிவி மாதிரி பொட்டியில ஒரு மேடம் இருந்தாங்க. பாப்பா என் தோள்மேல கையப் போட்டுக்கினு நின்னுச்சிடி. என்ன அம்மான்னு கூப்பிட்டுச்சி. எப்பவும் சின்னப்பொண்ணுன்னு பேரச் சொல்லித்தான் கூப்பிடும், இன்னிக்கு அம்மான்னுச்சி!”

இசைவாணி அதிரசப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

“மாடி ஏறும்போதே காதுல சொல்லுச்சி. இசையோட வேல விசயமாத்தான் மேடம் பேசறாங்க, ஒம் பொண்ணான்னு கேப்பாங்க, ஆமான்னு சொல்லு, பேரு கீரு எதுவும் சொல்லிக் கொழப்பாதன்னு. அதே மாதிரி கேட்டாங்க. ஒங்க பொண்ணாங்கன்னு. எம் பொண்ணுதாங்க மேடம்னேன். அதோட வுட்டேனா? நான் கரும்பு வெட்டிப் படிக்க வெச்சங்க, ராத்திரி பகலு பாக்காம படிச்சவங்க, அது பொய் சொல்லாதுங்க, பாத்து வேல போட்டுக் குடுங்கன்னேன். கைய எடுத்துக் கும்புட்டேன். அந்த மேடத்துக்குக் கண்ணே கலங்கிப்போச்சிடி.”

அந்தத் தோள்மேல் கை போட்டுக்கொண்டு எப்படி நின்றாள்! அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தியம் செய்த அதே மத்தியானத்தில்! இசைவாணிக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நொடி அம்மா மேல்கூடப் பாய்ந்தது அந்த ஆத்திரம். யாரைக் கேட்டு அங்கே போனாய் என்று கத்த வாய் திறந்தது. அம்மாவின் உள்ளங்கையில் கத்திப் பிடி அழுத்திய சிவப்பு இன்னும் மாறவில்லை. எனக்காகத்தானே அதைக் கூப்பி நின்றாள் என்று நினைத்ததும் வாய் மூடிக்கொண்டது.

சின்னப்பொண்ணு தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள். அப்போதுதான் மகளின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் தேய்ந்தது.

“ஏன்டி? நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனா? படிச்சவங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு எனக்கு இன்னா தெரியும்.”

போனில் அந்த மெயில் இன்னும் திறந்தபடியே கிடந்தது. இசைவாணி அதை அணைத்தாள்.

“இல்லம்மா. எல்லாம் சரியாத்தான் சொல்லிகீற.”

“அப்ப வேல கெடச்சிடும்தான?”

“கெடச்சிடுச்சிம்மா,” என்றாள் இசைவாணி.