இடப்பக்கத்தைப் படிக்காதே

தம்பி கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைப்பவன். அக்கா தையல் ஆலையில் காலர் தைப்பவள். மதிய இடைவேளையில் தான் எழுதிய கவிதையை அவள் சொல்லத் தொடங்கினால் சாப்பிடுகிற கைகள் அப்படியே நின்றுவிடும், அப்படியொரு குரல். அதை வைத்து ஒரு சின்னப் படம் எடுத்துவிட வேண்டும் என்று இருவருக்கும் நெடுநாள் ஆசை. கவிதை அவளுடையது, ஸ்கிரிப்ட் அவனுடையது.

ஸ்கிரிப்ட் என்றால் தாளின் நடுவே ஒரு கோடு. வலப்பக்கம் காதுக்கு: கவிதை வரி, எங்கே மூச்சு, எங்கே மௌனம். இடப்பக்கம் கண்ணுக்கு: என்ன காட்சி, என்ன நிறம். வரி சொல்வதையே காட்சியும் சொல்லக் கூடாது என்பது அவன் சட்டம்.

யாரோ ஒருத்தியின் தோளுக்கு
அளவெடுக்காமல் தைத்தேன்.
அவள் என்னை உடுத்திக்கொண்டு
மழையில் போகிறாள்.

இதற்குத் திரையில் சட்டையும் இல்லை, மழையும் இல்லை. கம்பியில் ஆடும் வெறும் ஹேங்கர், எல்லாம் நீலம். அடுத்த பத்தியில் நீலம் வடிந்து டியூப்லைட்டின் நோஞ்சான் பச்சை. சிவப்பு மட்டும் கடைசிப் பத்திவரை தலைகாட்டவே கூடாது. அப்போதுதான் வெள்ளைத் துணியில் இழுபடும் ஒற்றைச் சிவப்பு நூல் பார்ப்பவர் நெஞ்சில் தைக்கும். ஓரத்தில் கிடந்த வாளி மூடி சிவப்பு என்பதற்காக அதையும் சாம்பலாக்கினான் பாவி. நிறம் சொல்லின்மேல் மாறக் கூடாது, சொல்லுக்கு முந்தைய மூச்சில் மாற வேண்டும் என்பான். அதெல்லாம் சரிதான், அவன் வேலை தெரிந்தவன்தான்.

ஒத்திகைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தார்கள். எதிரொலி வராமலிருக்க அக்கா போர்வையைத் தலைவரை போர்த்திக்கொண்டாள், போன் பதிவு செய்துகொண்டிருந்தது. அவளோ இரண்டு பக்கத்தையும் சேர்த்தே படித்தாள். "கம்பியில் ஹேங்கர். நீலம். யாரோ ஒருத்தியின் தோளுக்கு..." அவன் முதலில் சிரித்தான், பிறகு முறைத்தான். கடைசிப் பத்திக்கும் அவள் சிவப்பு நூலைப் படித்துவிட்டு வரிக்குள் நுழைந்ததும் வெடித்துவிட்டான்.

"அக்கா, இடப்பக்கத்தப் படிக்காதன்னு எத்தன தடவ சொல்றது? நிறுத்து."

"ரெண்டும் சேந்துதானேடா கவித?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்.

படம் முழுசாக முடியட்டும், அதைப் பார்த்துக்கொண்டே நிதானமாக அவள் குரலைப் பதியலாம் என்று போனை அணைத்துவிட்டான். இந்த மாதிரிப் படத்துக்குக் குரல்தான் முதலில். அந்தக் குரலின் அளவுக்குத்தான் காட்சியை வெட்டுவார்கள். இது அவனுக்குத் தெரியாதா? தெரியும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றான். தற்காலிக அளவுக்குத் தன் குரலிலேயே கவிதையைப் பேசிப் பதிந்து வைத்துக்கொண்டு, பச்சை போதவில்லை, வெள்ளை அதிகம் என்று மாதக்கணக்கில் நிறத்தைக் கிண்டிக்கொண்டிருந்தான்.

அதற்குள் அக்காவின் தொண்டை கட்டியது. உடைந்த ரேடியோ என்று கேலி செய்தான், அவளும் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. புற்று, குரல்வளையையே எடுக்க வேண்டும், தள்ளிப்போட முடியாது என்றார். அன்றைக்கே ஓடிவந்து போர்வையும் போனுமாக உட்கார்ந்தார்கள். காற்றுதான் வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஆபரேஷன் முடிந்து அவள் வீடு திரும்பிய வாரம், அந்தப் பழைய ஒத்திகையைத் தோண்டி எடுத்தான். ஹேங்கரையும் நீலத்தையும் பச்சையையும் வெட்டி எறிந்துவிட்டு வரிகளை மட்டும் கோத்தான். தங்கம் மாதிரி இருந்தது. கடைசிப் பத்தியில், "என்னை அவிழ்க்க" என்னும்போதே அவன் கத்தல் அவள் குரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பிரித்தெடுக்க என்னென்னவோ செய்து பார்த்தான். அதற்குப் பிந்தைய வரிகள் அவள் குரலில் எங்கேயும் பதிவாகியிருக்கவில்லை. அந்த இடத்தில் ஒலியே இல்லாமல் காட்சியை மட்டும் ஓடவிட்டான்.

அவளை உட்காரவைத்து, "நாந்தான்க்கா கெடுத்துட்டேன்" என்றான். போடு என்று கையசைத்தாள்.

நீலம் வந்தது, பச்சை வந்தது. தன் குரலைக் கேட்டபடி அசையாமல் இருந்தாள். பிறகு ஒலி நின்றது. அவள் மூச்சிழுத்தாள், மூச்சுக்காக ஆபரேஷனில் போட்ட கழுத்துத் துளையில் காற்று இரைந்தது. அந்த மூச்சிலேயே திரையில் சிவப்பு நூல் வந்தது. அவள் உதடுகள் அசையத் தொடங்கின.

என்னை அவிழ்க்க வேண்டுமென்றால்
கடைசித் தையலில் தொடங்குங்கள்.
முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

ஒரு வரியிலும் அவள் முந்தவில்லை, பிந்தவில்லை. நூல் முழுதும் உருவப்பட்டுத் திரை வெள்ளையானபோது அவள் வாய் மூடியது. கேட்டதா என்று கேட்பதுபோல அவன் பக்கம் திரும்பினாள்.

பொய் சொல்லியிருக்கலாம். இல்லை என்று தலையாட்டினான்.