வேலைக்குப் பத்துத் தாள்

காகிதக் கிடங்கு அவள் பொறுப்பு. பதினோரு வருடமாக அந்த அச்சகத்தில் ஒரு தாள் வந்தாலும் போனாலும் அவளுக்குத் தெரியாமல் நடந்ததில்லை. முதலாளியின் மருமகன் நிர்வாகத்துக்கு வந்து இரண்டு மாதம். முகத்துக்கு நேரே சார். முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை.

அன்று காலை மாப்பிள்ளை ஒரு கடிதத்தை அவள் மேஜையில் வைத்தார். மூன்று ரீமும் நூறு தாளும் குறைகிறது, மெஷின்காரர் திருடிவிட்டார், வேலையை விட்டு நீக்கலாம். அடியில் அவள் கையெழுத்துக்கு இடம்.

"திருடல சார். கழிவாப் போனது. பழைய பேப்பர்காரன் வாரா வாரம் எடுத்துட்டுப் போறான்."

"கழிவுக்கு நூத்துக்கு ரெண்டு கொடுத்திருக்கோம். இந்த மாசம் நாப்பது வேலை, எல்லாம் ஐந்நூறு ஐந்நூறு தாள். வேலைக்குப் பத்து. இவர் ஐம்பது வாங்கியிருக்கார்."

"பத்தாயிரம் ஓட்டினா இருநூறு கிடைக்கும், தாராளம். ஐந்நூறு ஓட்டினாலும் நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரணும்ல? இது சின்ன வேலைன்னு மெஷினுக்கு யார் சொல்றது?"

"கதை வேண்டாம்மா. கையெழுத்துப் போடுங்க."

அவள் எழுந்து ஐந்நூறு தாள் கொண்ட ஒரு ரீமைப் பிரித்தாள். மேலே பத்துத் தாள் எண்ணி வைத்தாள். தானே சுமந்து மெஷினுக்குக் கொண்டுபோனாள். மாப்பிள்ளையும் பின்னாலேயே வந்தார்.

"பத்தா?" என்றார் மெஷின்காரர். "மூக்கு சிந்தத்தான் ஆகும்."

"சிந்துங்கண்ணே. சார் பாக்கட்டும்."

மை ஏற்றுவதற்குப் பழைய கழிவுத் தாளை ஓட்டினார். பிறகு புதுத் தாள்; அச்சாக வேண்டியது ஒரு பெண்ணின் முகம். ஒன்றில் நீலம் வெளிறியிருந்தது. நான்காவதில் சிவப்பு உதட்டை விட்டுக் கன்னத்தில் நின்றது. திருகைத் திருப்பினார், ஓட்டினார், பூதக்கண்ணாடியால் பார்த்தார். பத்தாவதில் சிவப்பு பாதி உதடு வந்திருந்தது.

மெஷினை நிறுத்தினார். "பத்து முடிஞ்சது."

"ஓட்டுங்க" என்றார் மாப்பிள்ளை.

ரீமின் மேல் அவள் கை வைத்தாள். "இது கஸ்டமருக்கு எண்ணிக் கொடுக்க வேண்டிய ஐந்நூறு. தொட்டா குறையும். மேல வேணும்னா சீட்டு எழுதுங்க."

"எத்தனை?"

"நான் சொன்னா திருட்டு. நீங்களே எழுதுங்க."

அவர் பத்து என்று எழுதினார். ஓடியது. இன்னும் பத்து. பிறகு சீட்டைப் பார்க்காமலே இருபது. அதன் கடைசித் தாளில்தான் உதடு உதடாக இருந்தது.

மாப்பிள்ளை அந்தத் தாளைக் கீழே வைத்தார். "இது ஒரு வேலை. மத்ததெல்லாம் இப்படித்தான்னு என்ன நிச்சயம்? கடிதம் மாமாகிட்ட போகும். நீங்க போடலேன்னா உங்க பேரையும் சேர்த்து எழுதுவேன்."

"எழுதுங்க சார். மூணு சீட்டையும் கூடவே பின் பண்ணுங்க, உங்க கையெழுத்தோட. மறந்தா ஒரு செட் நகல் நானே முதலாளிகிட்ட கொண்டுபோறேன்."

கடிதத்தை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்காததால் மெஷின் மேல் வைத்துவிட்டு, கிடங்குக்குப் போய் அடுத்த வேலைக்கு எண்ணினாள். ஐந்நூற்றைம்பது.