பெட்டிக்கு வைத்த பொட்டு

பெட்டியைப் பார்த்தால் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தது. ஒரு நசுங்கல் இல்லை, ஒரு கீறல் இல்லை, ஒட்டிய டேப் ஒட்டியபடி. உள்ளே என்ன இருக்கிறது என்பது, மாப்பிள்ளை விஷயத்தைப் போலவே, பிறகுதான் தெரிந்தது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு தனியார் மருத்துவமனை லேபில் ஒன்பது வருடம் அடுத்தவர் ரத்தத்தை எண்ணிக்கொண்டிருந்த மலர்விழி, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஆட்டையாம்பட்டியில் சொந்த லேப் வைக்கக் கிளம்பியிருந்தாள். வீட்டின் முன்னறைக்கு டைல்ஸ் ஒட்டி, வாசலில் போர்டும் மாட்டியாயிற்று. பக்கத்துத் தெரு டாக்டர் சின்னுசாமி, "திங்கக்கெழமையிலிருந்து என்ற பேஷண்ட்டுகள அனுப்பறேனுங்க. மிஷின் மட்டும் ரெடியா இருக்கோணும். இல்லீன்னா மெயின் ரோட்டு லேபுக்காரன் நடையா நடக்கறான்" என்று நாளும் குறித்துவிட்டார். அந்த மிஷின் ரத்த அணுக்களை எண்ணும் செல் கவுன்ட்டர். சென்னையில் ஒரு டீலரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. குடோன் வாசலைத் தாண்டினால் பொறுப்பில்லை என்று டீலர் பில்லிலேயே அடித்திருந்தான். ஆகவே மலர்விழி புத்திசாலித்தனமாக, வழியில் சேதமானால் கூரியர் கம்பெனியே ஏற்கும்படி கூடுதலாகக் கட்டி எழுத்தில் வாங்கியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு பத்துக்குப் பெட்டி வந்தது. டெலிவரிக்காரர் செல்போனை நீட்டினார். மலர்விழி ஒரு காதில் போர்டுக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டே விரலால் கிறுக்கினாள். 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அதில் ஏற்கெனவே எழுதியிருந்தது. அவர் போய்விட்டார்.

உடனே பிரித்திருக்கலாம். ஆனால் வீட்டில் மாமியார் சென்னியம்மாள் இருந்தார், சுவரில் தினசரிக் காலண்டர் இருந்தது. "செவ்வாக்கெழம யாராச்சும் பிரிப்பாங்களா சாமி? நாளைக்கு அட்டமி, நாளான்னிக்கு நவமி. வெள்ளி ஒம்பதேகாலுக்குப் பிரிச்சுக்கலாம் போ." மூன்று நாள் மிஷின் பெட்டிக்குள்ளேயே விரதம் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலுக்குச் சூடம் காட்டி, டேப்பை அறுத்து, தெர்மாகோலை எடுத்து, மிஷினைத் தூக்கியபோது உள்ளே உண்டியல் குலுங்கியது. மலர்விழி பக்கக் கதவைத் திறந்து பார்த்தாள். ரத்தத்தை உறிஞ்சும் ஊசியின் கை வளைந்திருந்தது. அதற்குக் கீழே இருக்க வேண்டிய அளவுக் குப்பி இரண்டாக உடைந்து மூலையில் கிடந்தது. வெளியே ஒரு கீறல் இல்லை.

"என்னாச்சு சாமி?"

"ஒடைஞ்சிருக்குங்க அத்தை."

"நல்ல நேரத்துலதானே பிரிச்சோம்!"

மலர்விழி அழவில்லை. கூரியர் ரசீதின் பின்பக்கத்தைப் படித்தாள். எறும்பு எழுத்தில் இருந்தது: வெளியே தெரியாத உட்சேதத்தை, டெலிவரி ஆன எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். பெட்டி, தெர்மாகோல், பொருள் எதையும் ஆய்வு முடியும்வரை அப்புறப்படுத்தக் கூடாது. கெடு பகல் பன்னிரண்டு பத்து. பெட்டியின் ஆறு பக்கத்தையும், உடைசலையும் போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்து மெயில் அனுப்பியபோது பதினொன்று ஐம்பத்திரண்டு. பதினெட்டு நிமிடத்தில் தப்பித்தோம் என்று அவளுக்கு முதன்முறையாகக் காலண்டர்மேல் நம்பிக்கை வந்தது. ஆய்வு முடியும்வரை பெட்டியை யாரும் தொடவில்லை. தெர்மாகோல் துணுக்கைக்கூட மாமியார் பெருக்கவில்லை.

திங்கட்கிழமை, சேதத்தை மதிப்பிடக் கூரியர் கம்பெனி அனுப்பிய சர்வேயர் சந்திரசேகர் சேலத்திலிருந்து வந்தார். நல்ல மனுஷன். காபியைக் குடித்துவிட்டு டேப்பால் அளந்தார். தெர்மாகோல் உள்பக்கம் ஒரு மூலையில் நசுங்கியிருந்ததைக் காட்டி, "பேக்கிங்ல குத்தமில்லீங். நல்லா ஒசரத்துல இருந்து போட்டிருக்கானுக. மெயிலும் டயத்துக்கு வந்திருக்குது. ஒண்ணும் பயப்படாதீங்க" என்றார். மலர்விழி இன்னொரு காபி போடச் சொன்னாள்.

சர்வேயர் பெட்டியைத் திருப்பினார். சுவரோரமாக இருந்த பக்கத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். நடுவில் ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், மேலே குங்குமம்.

"இதென்னுங்க?"

"பொட்டுங்க" என்றாள் மலர்விழி. "பூசை போட்டம்ங்க."

"இது அடி காட்டற ஸ்டிக்கருங்க. நடுவுல சின்னதா ஒரு குழாய் இருக்கும். பெட்டி ஓங்கி அடிபட்டா அது செவப்பா மாறிரும்." கைக்குட்டையில் தண்ணீர் தொட்டுத் துடைத்தார். சந்தனம் போனது, குங்குமம் போனது. பிளாஸ்டிக்குக்கு உள்ளே குழாய் நல்ல சிவப்பில் இருந்தது.

"பாத்தீங்களா, செவப்பு!" மலர்விழியின் குரல் டைல்ஸில் மோதித் திரும்பியது. "அடிபட்டிருக்குதுன்னு உங்க ஸ்டிக்கரே சொல்லுது!"

சந்திரசேகர் சந்தோஷப்படவில்லை. "எப்ப செவந்துச்சுன்னு சொல்லலியேங்க. நீங்க எடுத்த போட்டோ எல்லாத்துலயும் குங்குமந்தான் தெரியுது. டெலிவரிக்கு அப்புறம் இங்கியே உருட்டுனதுல செவந்துச்சுன்னு ஆபீஸ்ல கேப்பாங்க. வந்தப்பவே செவப்பா இருந்துச்சுன்னு யாராச்சும் பாத்தீங்களா?"

அடுப்படியிலிருந்து காபியோடு வந்த சென்னியம்மாள் சொன்னார். "நாம் பாத்தேனுங்க."

இருவரும் திரும்பினார்கள்.

"அந்தத் தம்பி தண்ணி குடிச்சுட்டு நின்னானே, அப்பவே பாத்தேன். வெள்ளக் காயிதத்துல செவப்பா ஒரு கோடு இருந்துச்சு. அட, கம்பெனிக்காரனே பொட்டு வெச்சு அனுப்பிச்சிருக்கானே, மங்கலா இருக்குதேன்னுதான் அதும்மேலயே எடுப்பா வெச்சேன். நான் எதுக்குங்க பொய் சொல்லப்போறேன்?"

"பாருங்க!" என்றாள் மலர்விழி. "சாட்சி!"

சந்திரசேகர் எழுதிக்கொண்டார். ரொம்ப நேரம் எழுதினார். பிறகு பேனாவை மூடினார்.

"அம்மா சொல்றது நெசம்னா, டெலிவரிக்காரன் போறதுக்கு முன்னாடியே செவப்பு வெளிய தெரிஞ்சிருக்குது. அப்ப அத ரசீதுல எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கோணும். வெளிய தெரிஞ்சத எழுதாம வாங்கிட்டு, இப்ப வெளிய தெரியாத சேதம்னு கேக்க முடியாதும்பாங்க."

"அவர் நீட்டுனது செல்போனுங்க. கட்டை விரல் அகலந்தான் எடம். எங்கீங்க எழுதறது?"

"கையெழுத்துக்கு மேலாலயே எழுதோணுங்."

"அப்ப, செவந்தது தெரியலீன்னா?"

"நீங்க உருட்டுனதும்பாங்க."

"தெரிஞ்சுதுன்னா?"

"ஏன் எழுதலம்பாங்க."

"அப்ப எப்பிடிங்க க்ளெய்ம் பண்றது?"

சந்திரசேகர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். பன்னிரண்டு வருட சர்வீஸில் இப்படி நேராக யாரும் கேட்டதில்லை. "நுகர்வோர் கோர்ட்டு இருக்குதுங்க" என்றார், பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள் என்கிற டாக்டரின் குரலில். காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை பதில் வந்தது. 'தங்கள் குடும்பத்தாரின் வாக்குமூலப்படி, அடி காட்டும் குறியீடு டெலிவரியின்போதே கண்ணுக்குத் தெரிந்துள்ளது. ரசீதில் குறிப்பிடப்படாததால் இது உட்சேதத்தில் சேராது. கோரிக்கை முடிக்கப்படுகிறது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.' கீழே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

டீலரிடம் கேட்டாள். அந்த மாடலுக்கு உதிரிபாகம் நிறுத்தி நாலு வருஷமாகிறதாம். டாக்டர் சின்னுசாமி தாமாகவே கூப்பிட்டார். "பரவால்லீங்க. மெயின் ரோட்டுக்காரங்ககிட்டச் சொல்லிட்டேன்" என்றார். யாருக்குப் பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஃபேர்லேண்ட்ஸ் மருத்துவமனைக்கு மலர்விழியே போன் போட்டாள். அவள் இடத்துக்கு ஆள் வந்தாயிற்றாம். ராத்திரி ஷிஃப்ட் மட்டும் இருக்கிறதாம், புது ஆள் சம்பளத்தில்.

"வாரேனுங்க" என்றாள்.

போனை வைத்ததும் சென்னியம்மாள் எட்டிப் பார்த்தார்.

"என்ன சாமி, கூரியர்காரன் குடுக்கறானாமா?"

மலர்விழி கூரியர் ரசீதை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"பாக்கறோம்னு சொல்லியிருக்காங்க அத்தை."

"குடுப்பான், குடுப்பான். கண்ணுல பாத்தத நாஞ் சொன்னேனில்ல! நானொருத்தி பாக்காமப் போயிருந்தா உன்ர பாடு என்னாயிருக்கும்?"

"ஆமாங்க அத்தை."

வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலுக்கு, ஏதாவது நல்ல சேதி வரட்டும் என்று சென்னியம்மாள் பெட்டிக்கு ஊதுபத்தி காட்டினார். துடைத்து வெறுமையாய்க் கிடந்த ஸ்டிக்கரைப் பார்த்து மனசு கேட்காமல், சந்தனம் குழைத்து, முன்னைவிடப் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து, டிபன் டப்பாவைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த மலர்விழி தடுக்கவில்லை. ஆய்வு முடிந்துவிட்டது. இனி அந்தப் பெட்டியை யார் வேண்டுமானாலும் தொடலாம்.