எழுப்பாத வாழ்த்து

1

காலை ஆறு பத்து. இந்தக் கதை என்னிடம் வந்தபோது அதில் ஆட்கள் இல்லை. இந்த நேரம் மட்டும் இருந்தது.

லிஃப்ட் பழுது பார்க்கும் ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் என் தங்கை வேலை செய்கிறாள். யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் போன் அவளுக்குத்தான் வரும். எந்த மெக்கானிக் போக வேண்டும் என்பதை அவள் முடிவு செய்வாள். போன மாதம் அவளுடைய பிறந்தநாளுக்கு நள்ளிரவு சரியாகப் பன்னிரண்டுக்கு வாழ்த்து அனுப்பினேன். காலையில் போனில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

“அஞ்சு மணிக்கு எழுந்து வேலைக்கு ஓடறவளைப் பன்னெண்டுக்கு எழுப்பி நல்லா இருன்னு சொல்றியே, எங்கேருந்து நல்லா இருக்கிறது?”

“எல்லாரும் அப்படித்தானே அனுப்புறாங்க?”

“எல்லாருக்கும் ஒரே நேரம் கிடையாதுண்ணா. எங்க பல்லிக்கு ஆறு பத்துன்னு குறிச்சுக் கொடுத்தேன். அது பெரிய கதை.”

பெரிய கதை என்று அவள் சொன்னதை நான் சிறிய கதையாக எழுதுகிறேன். எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். திருத்தினாள். திருத்தங்களை மறைக்கப்போவதில்லை.

2

தொடக்கம் ஒன்று:

உறக்கமற்ற அந்த நகரத்தின் மேல் நிலவு தன்

(விட்டுவிட்டேன். நிலவுக்கு இங்கே வேலை இல்லை.)

தொடக்கம் இரண்டு:

பல்லிக்கு ஐம்பத்தெட்டு வயது முடிகிறது. லிஃப்ட் குழிக்குள் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஏறி இறங்குவதால் அந்தப் பெயர். வைத்தவர்கள் சக மெக்கானிக்குகள். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

இது நிற்கும்.

3

முதலில் என் தங்கையைப் பற்றி. (கதையை நிறுத்திவிட்டு ஆளைப் புகழ்வது கெட்ட பழக்கம். இந்த ஒரு முறை மட்டும்.)

அவளிடம் பதினொரு மெக்கானிக்குகள். மேசையில் வேலை முறை அட்டவணை. பிறந்தநாள் வரும் பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சிறு வட்டம் இருந்தால் நள்ளிரவு. கோடு இருந்தால் காலை.

வட்டம் யாருக்கு? தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவருக்கு. பன்னிரண்டுக்கு அவருக்குச் சொல்ல வேறு யாரும் இல்லை. புதிதாகச் சேர்ந்த இளைஞனுக்கு. அவன் முழித்துக்கொண்டு யார் முதலில் என்று பார்ப்பான். அங்கே ஐந்து நிமிடம் பிந்தினால் ஐந்தாவது ஆள். ஆனால் மிகச் சரியாகப் பன்னிரண்டு வேண்டாம் என்பாள். இப்போதெல்லாம் நேரம் குறித்து வைத்தால் போனே அனுப்பிவிடும். “பன்னெண்டு ரெண்டுக்கு வந்தாத்தான் ஒரு ஆள் உக்காந்து அனுப்புனதுன்னு தெரியும்.”

கோடு யாருக்கு? கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு. மேலாளருக்கு, அவருக்கு நள்ளிரவில் அனுப்பினால் அது வாழ்த்து ஆகாது, விண்ணப்பம் ஆகும். வீட்டில் யாரேனும் ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு. அவர் போன் எந்தச் செய்திக்காக விழித்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். கணவனோ மனைவியோ பக்கத்தில் படுத்திருக்கும் எவருக்கும்.

“ஏன்? அவங்களுக்கு என்ன?”

“பன்னெண்டு அவங்களோடதுண்ணா. நாம ஏன் நடுவுல போய் உக்காரணும்?”

நான் இருபது வருடங்களாக எழுதுகிறேன். ஒரு வாக்கியம் எந்த நேரத்தில் ஒருவரைப் போய்ச் சேர வேண்டும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

4

பல்லியின் பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு, மதியம், கட்டுப்பாட்டு அறை எண்ணுக்கு ஒரு பெண் பேசினாள். லிஃப்ட் எதுவும் நிற்கவில்லை. பல்லியின் மகள் என்றாள். சின்ன வயதில் அந்த எண் அவள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்ததாம்.

அப்பாவும் மகளும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. அவள் கல்யாணம் பதிவு அலுவலகத்தில். அப்பா சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வழியில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று போனார். வந்து சேர்ந்தபோது பெரியப்பா கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார், அலுவலக அறையையும் பூட்டிவிட்டார்கள். “அந்த லிஃப்ட்டே உங்க பொண்ணா இருக்கட்டும்” என்று எல்லோர் முன்பும் சொன்னாள் மகள். அவரும் அப்படியே கிளம்பிவிட்டார்.

“பிறந்தநாள் வாழ்த்து அனுப்பலாம்னு இருக்கேன், அக்கா. ராத்திரி பன்னெண்டுக்கு. அன்னைக்கு அவருக்கு டியூட்டி இருக்கான்னு மட்டும் சொல்லுங்க.”

இருந்தது. அந்த வாரம் இரவு முறை அவருடையது. பத்திலிருந்து ஆறு வரை வீட்டில் படுத்திருக்கலாம். போன் மட்டும் முழுச் சத்தத்தில் தலைமாட்டில் இருக்க வேண்டும். அழைப்பு வந்தால், முகவரியை என் தங்கையோ கட்டுப்பாட்டு அறையின் இரவு ஆளோ அதே வாட்ஸப்பில்தான் அனுப்புவார்கள். ஆகவே அதை அமைதியாக்க முடியாது. இரவில் அந்தச் சத்தம் கேட்டால் பல்லிக்கு ஒரே பொருள்: யாரோ உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.*

“பன்னெண்டுக்கு அனுப்பாதம்மா. சத்தம் கேட்டதும் அவர் முதல்ல ஷூவைத்தான் தேடுவார். ஒரு கால்ல மாட்டிட்டுத்தான் உன் பேரைப் பார்ப்பார். அப்புறம் தூங்க மாட்டார். தூங்காத ஆளைக் குழிக்குள்ள இறக்க எனக்குத் தைரியம் இல்ல.”

“காலைல ஊரே அனுப்புமே, அக்கா. கும்பல்ல நானும் ஒருத்தியா? ரெண்டு வருஷம் கழிச்சு அனுப்புறேன். நான் முழிச்சிருந்தேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

நியாயமான கேள்வி. என் தங்கை ஒரு நாள் அவகாசம் கேட்டாள்.

* முறையை வேறொருவருக்கு மாற்றியிருக்கலாமே? நானும் கேட்டேன். “மாத்துனா ஏன்னு கேப்பார். எனக்குப் பொய் வராது.”

5

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. மெக்கானிக்கின் மகள் அனுப்பும் ஒரு வாழ்த்துக்காக ஒருத்தி ஒரு நாள் முழுக்க யோசிப்பாளா? வாசகர் நம்ப மாட்டார், பாத்திரம் ரொம்ப நல்லவளாக இருக்கிறாள் என்று அவளிடமே சொன்னேன்.

அவள் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

“கல்யாணத்தன்னைக்கு அவரை அனுப்புனது நான்தான்.”

நான் பேனாவை வைத்தேன்.

“லிஃப்ட் பெட்டிக்குள்ள ஒரு அம்மாவும் ரெண்டு வயசுக் குழந்தையும். மத்தவங்க எல்லாம் ஊரோட அந்தக் கோடி. கிட்ட இருந்தது அவர் மட்டும். லீவுன்னு தெரியும். கல்யாணம்னும் தெரியும். போக முடியுமான்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“அட்ரஸ் அனுப்புன்னார்.”

“தப்புன்னு நினைக்கிறியா?”

“இல்ல. இன்னைக்கும் அனுப்புவேன். அதனாலதான் யோசிக்க வேண்டியிருந்துச்சு.”

மறுநாள் மகளிடம் பேசியபோது முதலில் இதைத்தான் சொன்னாளாம். பிறகு மகள் சொன்னது: “அப்ப நேரத்தையும் நீங்களே சொல்லுங்க.”

6

ஆறு பத்து ஏன்?

ஆறு மணிக்கு முறை முடியும். பல்லி போன் செய்து, “இறக்கி வெச்சுட்டேன்” என்பார். அவர் வழக்கம் அது. ஆறுக்கே அனுப்பினால் காது இன்னும் வேலையில் இருக்கும். முகம் கழுவ வேண்டும், தேநீர் போட வேண்டும், நாற்காலியில் உட்கார வேண்டும். பத்து நிமிடம்.

அதற்குப் பிறகு நிறுவனத்தின் வாட்ஸப் குழு. ஒருவர் வாழ்த்துப் போட்டால் மற்றவர்கள் வரிசையாகப் போடுவார்கள். போன் தவளைக் குளமாகிவிடும். பல்லி எல்லோருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பார். மகள் அனுப்பியது அடியில் போய்விடும். மேலே இருந்தால்கூட அந்தக் கும்பிடில் அவளுக்கும் ஒரு பங்குதான் கிடைக்கும்.

எனவே என் தங்கை பதினொரு பேரில் பல்லியை விட்டுப் பத்துப் பேரிடமும் சொன்னாள். ஏழு மணிக்கு முன்னால் யாரும் வாழ்த்துப் போடக் கூடாது. தனியாகவும் கூடாது. முதலில் அவள் போடுவாள், பிறகுதான் மற்றவர்கள். காரணம் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

என் முந்தைய வடிவத்தில், விறுவிறுப்புக்காக, ஐந்து ஐம்பதுக்கு ஒரு லிஃப்டை நிறுத்தினேன். பல்லி அவசரமாகக் கிளம்ப

“அடிச்சிரு” என்றாள் தங்கை. “அஞ்சு அம்பதுக்கு வந்தா காலை ஆளைப் பத்து நிமிஷம் முன்னாடி வரச் சொல்லிருப்பேன். அன்னைக்கு அரை மணி முன்னாடியே வரச் சொல்லி வெச்சிருந்தேன். உன் விறுவிறுப்புக்கு என் வேலையைக் கெடுக்காத.”

அடித்துவிட்டேன்.

மகளின் கேள்வி மிச்சம். முழித்திருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? “அதை எழுதும்மா” என்றாள் தங்கை. “நேரம் சொல்லாததை வார்த்தை சொல்லட்டும்.” மகள் பன்னிரண்டு மணிக்கு எழுதி, அனுப்பாமல் வைத்து, ஆறு பத்துக்கு அனுப்பியது இது:

அப்பா, பிறந்தநாள் வாழ்த்து. பன்னெண்டுக்கு முழிச்சுத்தான் இருந்தேன். எழுப்ப வேணாம்னு விட்டேன்.

7

முடிவு அ: அவர் உடனே போன் செய்கிறார். இருவரும் அழுகிறார்கள். (இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.)

முடிவு ஆ: அவர் பதில் போடவில்லை. (இது இலக்கியம் மாதிரி இருக்கும். அதனாலேயே சந்தேகம்.)

முடிவு இ: ஒரு கும்பிடு.

நடந்தது எனக்குத் தெரியும். தங்கை சொல்லிவிட்டாள். ஆனால் அன்று காலை ஏழு மணிக்கு அவளுக்குத் தெரியாது. அவள் நின்ற இடத்திலேயே உங்களையும் நிறுத்துகிறேன். நீங்கள் அவளாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எனக்கு எழுத வேண்டாம். செய்து பாருங்கள்.

8

கட்டுப்பாட்டு அறை. ஆறு நாற்பது. மேசையில் அட்டவணை. பல்லியின் பெயருக்குப் பக்கத்தில் வட்டமும் இல்லை, கோடும் இல்லை. ஆறு பத்து என்று எண்ணால் எழுதியிருக்கிறது.

மகள் போனில் இருக்கிறாள்.

“அக்கா, டிக் ரெண்டும் நீலமாயிருச்சு. பார்த்துட்டார்.”

“சரி.”

“எழுதுறார்னு காட்டுது.”

“சரிம்மா. பார்த்துக்கிட்டே இரு.”

“நின்னுருச்சு.”

ஆறு ஐம்பது. மறுபடி எழுதுகிறார். மறுபடி நிற்கிறது. குழிக்குள் முப்பது மாடி இறங்குகிற ஆள், ஒரு வரியில் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நிற்கிறார். என் தங்கை கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்றாள். நான் நம்பவில்லை.

ஏழு. குழுவில் ஒரு வாழ்த்தும் இல்லை. பத்துப் பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

“அக்கா, மறுபடி எழுதுறார்” என்றாள் மகள்.

ஏழு மூன்று. கதவு திறந்தது. காலை முறை மெக்கானிக், கையில் ஹெல்மெட்டுடன், தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

“மேடம், ஏழு தாண்டிருச்சு. எல்லாரும் விரலை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். போடலாமா, வேணாமா?”